தலைகீழ் அணிக்கோவையை வரைந்தே புரிந்துகொள்வது: கிராஃப் தாளிலிருந்து உப்புப் பொடி வரை

தலைகீழ் அணிக்கோவை, அதாவது வகுப்பில் ‘ரெசிப்ரோக்கல் லாட்டிஸ்’ என்று கேள்விப்படுவது, பெரும்பாலும் ஒரு சூத்திரமாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது: b × c-ஐ அலகு கூட்டின் கன அளவால் வகுத்தால் a* கிடைக்கும். சூத்திரம் சரிதான். ஆனால் அப்படி ஒரு வெக்டர் யாருக்கு, எதற்காகத் தேவைப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. அதனால் இங்கே வேறு வரிசையில் போவோம். முதலில் அலைகள், அப்புறம் வரைபடம், அதன் பிறகு சாதாரண உப்பு. கிராஃப் தாள், ட்ரேசிங் பேப்பர் ஒன்று, காம்பஸ், பாகைமானி, குண்டூசி, கால்குலேட்டர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலைகள் எப்போது ஒத்துப்போகின்றன?

படிகத்தில் ஒரே அலகு கூடு மூன்று திசையிலும் திரும்பத் திரும்ப வருகிறது. கூட்டுக்கு ஒரு புள்ளி வைத்தால் கிடைப்பது அணிக்கோவை. கோலத்துக்கு முதலில் வைக்கும் புள்ளிகள் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அணுக்கள் அதன் மேல் போடும் கோலம். இப்போதைக்கு அணுக்களை மறந்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் பார்ப்போம்.

எக்ஸ் கதிர் ஒரு திசையில் வந்து, இன்னொரு திசையில் சிதறிப் போகிறது. வரும் கதிரை s₀ என்ற வெக்டராலும், போகும் கதிரை s₁ என்ற வெக்டராலும் குறிப்போம். இரண்டின் நீளமும் 1/λ. சிதறும்போது அலைநீளம் மாறவில்லை என்பதால் நீளம் ஒன்றுதான், திசை மட்டும் வேறு. இரண்டின் வித்தியாசத்தை S என்று எழுதுவோம்: S = s₁ − s₀.

R தூரம் தள்ளி இருக்கும் இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றிலிருந்து சிதறும் அலைகளின் பாதை வேறுபாடு எத்தனை அலைநீளம் என்று கணக்கிட்டால், S·R என்ற புள்ளிப் பெருக்கல்தான் விடையாக வரும். அது முழு எண்ணாக இருந்தால் இரண்டு அலைகளும் ஒரே கட்டத்தில் சேரும். படிகத்தில் R என்பது a, b, c மூன்றையும் முழு எண் தடவை கூட்டி வருவது. அதனால் எல்லாப் புள்ளிகளும் ஒத்துப்போக மூன்று நிபந்தனைகள் போதும்:

```
S·a = h
S·b = k
S·c = l      (h, k, l முழு எண்கள்)
```

இவைதான் லாவேயின் நிபந்தனைகள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். S·a சரியாக 1 இல்லாமல் 1.01 ஆக இருந்தால் என்ன? இரண்டே புள்ளிகள் என்றால் ஒன்றும் ஆகாது, கிட்டத்தட்ட ஒரே கட்டம்தான். ஆனால் ஒரு வரிசையில் 100 புள்ளிகள் இருந்தால் கதையே வேறு. முதல் புள்ளிக்கும் 51-ஆம் புள்ளிக்கும் இடையே 50 × 1.01 = 50.5 அலைநீளம் வித்தியாசம் வரும். அரை அலை மிச்சம், ஆக இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டாவது புள்ளியை 52-ஆவது அழிக்கும், மூன்றாவதை 53-ஆவது. இப்படியே போய், முன்பாதி வரிசை முழுவதையும் பின்பாதி தின்றுவிடுகிறது. வெறும் ஒரு சதவீத விலகலுக்கே இந்தக் கதி. கூடு 5 Å என்றால் 100 கூடுகள் 500 Å நீளம்தான். சாதாரணப் படிகத் துகள் அதைவிடப் பல மடங்கு பெரியது. விளிம்பு விளைவில் கூர்மையான புள்ளிகள் வருவதற்கும், நானோ துகள்களில் பீக் அகலமாகிப் போவதற்கும் காரணம் இதுதான்.

சரி, அந்த மூன்று நிபந்தனைகளையும் ஒரே நேரத்தில் நிறைவு செய்யும் S-கள் எவை? ஒரு சின்ன உத்தி. a-உடன் பெருக்கினால் 1-ம், b, c-உடன் பெருக்கினால் 0-வும் தரும் வெக்டர் ஒன்றைத் தேடி, அதற்கு a* என்று பெயர் வையுங்கள். b*, c*-உம் இதே மாதிரி. அப்படியானால்

```
S = h a* + k b* + l c*
```

என்று எழுதியதுமே மூன்று நிபந்தனைகளும் தாமாக நிறைவேறிவிடும். h, k, l-க்கு எல்லா முழு எண்களையும் போட்டுப் பார்த்தால், இந்த S-களின் முனைகளும் ஓர் அணிக்கோவையாக அமைகின்றன. அதுதான் தலைகீழ் அணிக்கோவை. எல்லாக் கூடுகளும் ஒத்துப்போகும் S-களின் பட்டியல், அவ்வளவே. அதன் அலகு Å⁻¹.

திண்ம நிலை இயற்பியல் புத்தகங்களில் a·a* = 2π என்று இருக்கும்; படிகவியல் புத்தகங்களில் a·a* = 1. வடிவம் ஒன்றுதான், அளவுகோல் மட்டும் 2π மடங்கு மாறும். இந்தக் கட்டுரை முழுக்க 1. ஆய்வுக் கட்டுரையில் x-அச்சில் Q என்று பார்த்தால் பெரும்பாலும் 2π சேர்ந்த கணக்கு.

கிராஃப் தாளில் ஓர் அணிக்கோவை

செவ்வக அணிக்கோவையை எடுத்து வரைந்தால் a*-உம் a-உம் ஒரே திசையில் விழும். மாணவர் அது எப்போதும் அப்படித்தான் என்று நினைத்துவிடுவார். அதனால் வேண்டுமென்றே சாய்ந்த ஒன்றை எடுப்போம்: a = 4 Å, b = 3 Å, இடைக்கோணம் 60°. இரு பரிமாணம் போதும்.

1 Å-க்கு 1 செ.மீ. என்று அளவு வைத்து, a-ஐக் கிடையாக வலது பக்கம் வரையுங்கள். அதற்கு 60° மேலே b. நான்கைந்து வரிசைப் புள்ளிகள் வைத்தால் போதும்.

இப்போது b*. அது a-க்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், b பக்கம் பார்க்க வேண்டும். ஆகவே நேர் மேலே. நீளம் என்ன? b·b* = 1 ஆக வேண்டும்; b-இன் செங்குத்துப் பகுதி 3 × sin 60° = 2.598 Å; ஆகவே b* = 1/2.598 = 0.385 Å⁻¹. அடுத்து a*. அது b-க்குச் செங்குத்து, a பக்கம் பார்ப்பது. b கிடைக்கோட்டுக்கு 60° மேலே என்பதால் a* கிடைக்கோட்டுக்கு 30° கீழே சரியும். நீளம் 1/(4 × sin 60°) = 0.289 Å⁻¹. a*-க்கும் b*-க்கும் இடையே 120° வருகிறதா என்று பாகைமானி வைத்துப் பாருங்கள்.

இந்தப் படத்தை ட்ரேசிங் பேப்பரில், 1 Å⁻¹-க்கு 10 செ.மீ. என்ற அளவில் வரையுங்கள். a* 2.9 செ.மீ., b* 3.85 செ.மீ. வரும். முதல் படத்தோடு இதன் நீளங்களை நேரடியாக ஒப்பிட வேண்டாம். அங்கே Å, இங்கே Å⁻¹. இரண்டுக்கும் பொது அளவுகோல் கிடையாது. பொதுவாக இருப்பது திசை மட்டும்.

சரியாக வரைந்தோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் படத்தில் a-இன் முனையையும் b-இன் முனையையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள். இது (11) வரிசைக் கோடு. ஆதிப்புள்ளியிலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தூரத்தை அளந்தால் சுமார் 2.9 செ.மீ. வரும், கணக்குப்படி 2.88 Å. ட்ரேசிங் தாளில் ஆதிப்புள்ளியிலிருந்து (11) புள்ளி, அதாவது a* + b*, 3.47 செ.மீ. தள்ளி இருக்கும். அது 0.347 Å⁻¹. 1/0.347 = 2.88. ட்ரேசிங் தாளைத் திருப்பாமல் முதல் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால், (11) புள்ளிக்குப் போகும் திசை அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக இருப்பதும் தெரியும்.

இந்த ஒரு அளவீடு பாடத்தின் பாதி. தலைகீழ் அணிக்கோவையின் ஒவ்வொரு புள்ளியும் நேர் அணிக்கோவையின் ஒரு தளக் கூட்டத்தைக் குறிக்கிறது. புள்ளியின் திசை அந்தத் தளங்களுக்குச் செங்குத்து, தூரம் 1/d; d என்பது அடுத்தடுத்த இரண்டு தளங்களுக்கு இடையிலான தூரம். நெருக்கமாக அடுக்கிய தளங்கள் தொலைவில் இருக்கும் புள்ளிகளாகின்றன. முப்பரிமாணத்தில் தளங்களைத் தளங்களாகவே மனதில் வைத்துக் கையாளுவது பெரும் தலைவலி. புள்ளிகளாக மாற்றிவிட்டால் ஒரு தாளில் அடங்கிவிடும்.

எவால்ட் வட்டம்: எந்தப் புள்ளி இப்போது ஒளிரும்?

புள்ளிகளின் பட்டியல் தயார். ஆனால் படிகத்தை ஏதோ ஒரு கோணத்தில் வைத்துக் கதிரை விட்டால் அத்தனை புள்ளிகளும் தெரிந்துவிடாது. S இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். தலைகீழ் அணிக்கோவையின் புள்ளியில் முடிய வேண்டும். s₀, s₁ இரண்டும் 1/λ நீளம் என்ற கட்டுப்பாட்டுக்கும் அடங்க வேண்டும். இரண்டாவதை ஒரு கோளமாக வரைந்து காட்டியவர் பவுல் எவால்ட். 1912-இல் மியூனிக்கில் அவர் முனைவர் ஆய்வை முடிக்கும் சமயம் லாவேயுடன் பேசிய பேச்சுதான், அந்த ஆண்டே ஃப்ரீட்ரிக்கும் க்னிப்பிங்கும் படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்ததற்குத் தூண்டுதலாக இருந்தது. கோள வரைமுறை 1913-இல் வந்தது.

தாமிர இலக்கிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.5406 Å; ஆகவே 1/λ = 0.649 Å⁻¹. நம் அளவில் 6.5 செ.மீ. புதிய கிராஃப் தாளில் C என்ற மையத்திலிருந்து 6.5 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். கதிர் இடமிருந்து வலமாக C வழியே போகிறது. அது நேராகப் போய் வட்டத்தை வலது பக்கம் வெட்டும் இடத்துக்கு O என்று பெயர். C-யிலிருந்து O வரை s₀.

அநேகமாக எல்லோரும் தவறுவது அடுத்த அடியில்தான். தலைகீழ் அணிக்கோவையின் ஆதிப்புள்ளியை C-யில் வைக்கக் கூடாது, O-வில் வைக்க வேண்டும். ஏனென்றால் S என்பது s₀-இன் முனையிலிருந்து s₁-இன் முனை வரை போகும் வெக்டர். C-யில் வைத்தால் கோணங்கள் எல்லாம் தப்பாக வரும். எந்தப் பீக்கும் பிராக் விதியோடு ஒத்துப்போகாது.

ட்ரேசிங் தாளின் ஆதிப்புள்ளியை O-வில் வைத்துக் குண்டூசி குத்துங்கள். இப்போது தாளை மெதுவாகச் சுழற்றினால் அதுதான் படிகத்தைச் சுழற்றுவது. பெரும்பாலான நிலைகளில் O-வைத் தவிர எந்தப் புள்ளியும் வட்டத்தின் மேல் இருக்காது, ஒன்றும் தெரியாது. ஒரு படிகத்தை அசையாமல் வைத்து ஒற்றை அலைநீளக் கதிரை விட்டால் திரை வெறிச்சென்று இருப்பது இதனால்தான். (10) புள்ளி வட்டத்தைத் தொடும் வரை சுழற்றுங்கள். C-யிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு போட்டால் அதுதான் சிதறும் கதிர். C-யில் அந்தக் கோட்டுக்கும் CO-வுக்கும் இடையிலான கோணம் 2θ. அளந்தால் 26°-க்குச் சற்றுக் குறைவாக வரும். கணக்குப்படி 25.7°. (11)-ஐத் தொட வைத்தால் 31.0°.

கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், C, O, புள்ளி மூன்றும் சேர்ந்து ஓர் இருசமபக்க முக்கோணம். அதன் அடிப்பக்கம் 2 × (1/λ) × sin θ. அது 1/d-க்குச் சமம். ஆகவே 2d sin θ = λ. பிராக் விதி இந்த முக்கோணத்துக்குள்ளேயே இருக்கிறது. தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு விதி அல்ல.

வட்டத்தின் விட்டம் 13 செ.மீ. O-விலிருந்து அதற்கு அப்பால் இருக்கும் புள்ளிகளை எப்படிச் சுழற்றினாலும் தொட வைக்க முடியாது. தாமிரக் கதிரால் 0.77 Å-ஐவிட நெருக்கமான தளங்களைப் பார்க்க முடியாது என்பதன் பொருள் இதுதான். இதற்கு நேர் எதிர்க்கோடியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிறது. 200 கிலோவோல்ட் எலக்ட்ரானின் அலைநீளம் 0.0251 Å. நம் அளவில் வட்டத்தின் ஆரம் கிட்டத்தட்ட 4 மீட்டர். O-வுக்குப் பக்கத்தில் அது நேர்கோடு போலவே தெரியும். அதனால் ஒரு முழுத் தளத்துப் புள்ளிகள் ஒரே நேரத்தில் தொட்டுவிடுகின்றன. எலக்ட்ரான் விளிம்பு விளைவுப் படத்தில் தலைகீழ் அணிக்கோவை அப்படியே அச்சடித்தது போல வருவதற்கு இதுவே காரணம்.

உப்புப் பொடி

பொடி என்றால் எல்லாத் திசையிலும் திரும்பிக் கிடக்கும் எண்ணற்ற குட்டிப் படிகங்கள். ட்ரேசிங் தாளை எல்லாக் கோணத்திலும் ஒரே நேரத்தில் சுழற்றி வைத்தது போல. ஒவ்வொரு புள்ளியும் O-வைச் சுற்றி ஒரு கோளமாகப் பரவிவிடும். திசை தொலைந்து தூரம் மட்டும் மிஞ்சும். அதனால் பொடி வரைபடத்தில் கிடைப்பது |S|-களின் பட்டியல் மட்டுமே.

சோடியம் குளோரைடு கனசதுரக் கூடு, a = 5.640 Å. அப்படியானால் a* = 0.1773 Å⁻¹. கனசதுரத்தில் |S| = a* × √(h² + k² + l²), அப்புறம் sin θ = (λ/2)|S|. இதைப் போட்டால் (100) 15.7°-லும், (110) 22.3°-லும், (111) 27.4°-லும், (200) 31.7°-லும், (220) 45.5°-லும் வர வேண்டும் (எல்லாம் 2θ).

கருவியில் வைத்துப் பார்த்தால் முதல் இரண்டும் இல்லவே இல்லை. 27.4°-இல் ஒரு சின்னப் பீக், 31.7°-இல் ஆளுயரப் பீக்.

காணாமல் போனதற்கு அணுக்கள் காரணம் இல்லை. நாம் எடுத்த கனசதுரம் உண்மையில் மிகச் சிறிய கூடு அல்ல. முகப்பு மையத்திலும் அணிக்கோவைப் புள்ளிகள் உண்டு. ஆதிப்புள்ளியிலிருந்து (a + b)/2 தள்ளி ஒரு புள்ளி இருக்கிறது. அதற்கும் S·R முழு எண்ணாக வேண்டும் என்றால் (h + k)/2 முழு எண்ணாக வேண்டும். மற்ற இரண்டு முகங்களுக்கும் இதே போல. ஆக h, k, l மூன்றும் ஒற்றை, அல்லது மூன்றும் இரட்டை. (100)-உம் (110)-உம் இந்தத் தேர்வில் தோற்றுவிடுகின்றன. அவை ‘மறைந்துபோன பீக்’ என்று சொல்வதே எனக்குப் பிடிப்பதில்லை. அவை தலைகீழ் அணிக்கோவையின் புள்ளிகளே அல்ல. பெரிய கூட்டை எடுத்ததால் நாமே சேர்த்துக்கொண்ட போலிப் புள்ளிகள். அவற்றை நீக்கிவிட்டு மிச்சத்தை வரைந்து பார்த்தால் பொருள் மைய கனசதுரம் கிடைக்கும்.

(111) குட்டையாக இருப்பதுதான் அணுக்களின் வேலை. ஒவ்வொரு அணிக்கோவைப் புள்ளியிலும் ஒரு சோடியம் அயனி, அங்கிருந்து விளிம்பில் பாதி தூரம் தள்ளி ஒரு குளோரைடு அயனி. h, k, l இரட்டை என்றால் இரண்டின் அலைகளும் கூடும். ஒற்றை என்றால் ஒன்றிலிருந்து ஒன்று கழியும். சோடியம் அயனியில் 10 எலக்ட்ரான்கள், குளோரைடு அயனியில் 18. தோராயமாக (200)-க்கு 28, (111)-க்கு 8. அளக்கும் செறிவு இதன் வர்க்கத்தைப் பொறுத்தது. இன்னும் சில காரணிகளும் சேர்ந்து, கடைசியில் (111)-இன் உயரம் (200)-இல் சுமார் 13 சதவீதமாக வருகிறது. புள்ளி எங்கே என்பதைக் கூடு தீர்மானிக்கிறது. எவ்வளவு பிரகாசம் என்பதைக் கூட்டுக்குள் இருக்கும் அணுக்கள் தீர்மானிக்கின்றன.

உங்கள் அளவீட்டில் (111) கிட்டத்தட்டத் தெரியாமல், 31.7°-லும் 66.2°-லும் மட்டும் பெரிய பீக் வந்தால் பயப்பட வேண்டாம். உப்பு (100) முகங்களில்தான் உடையும். கரகரப்பாக அரைத்து அழுத்தி வைத்தால் துகள்கள் எல்லாம் தட்டையாகப் படுத்துவிடும். (200), (400) மட்டும் ஓங்கும். இடம் சரி, உயரம் மட்டும் தப்பு என்பது அதன் அடையாளம். நைசாக அரைத்து, மேலிருந்து அழுத்தாமல் பக்கவாட்டில் நிரப்புங்கள். மாறாக எல்லாப் பீக்குகளும் ஒரே பக்கம் நகர்ந்திருந்து, சிறிய கோணப் பீக்கிலிருந்து கணக்கிடும் a-உம் பெரிய கோணப் பீக்கிலிருந்து கணக்கிடும் a-உம் படிப்படியாக மாறினால், பொடியின் மேற்பரப்பு இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை என்று சந்தேகப்படலாம்.

பொட்டாசியம் குளோரைடு வைக்கும் பொறி

இப்போது விடை தெரியாதது போல எதிர்த் திசையில் போய்ப் பார்ப்போம். பொட்டாசியம் குளோரைடு பொடியில் முதல் மூன்று பீக்குகள் 28.3°, 40.5°, 50.2° என்று வருகின்றன. 2θ-வைப் பாதியாக்கி sin²θ எடுங்கள். (பாதியாக்க மறப்பது இந்தக் கணக்கில் மிகச் சகஜம், மறந்தால் விகிதங்கள் எந்த ஒழுங்குக்கும் வராது.) விகிதம் 1 : 2 : 3. அதாவது |S|²-இன் விகிதம். (100), (110), (111) என்று பெயர் சூட்டி, எளிய கனசதுரம், a = 3.15 Å என்று எழுதிவிடத் தோன்றும்.

லாரன்ஸ் பிராக் 1913-இல் உப்புகளை ஒப்பிட்டபோது பொட்டாசியம் குளோரைடின் படம்தான் எல்லாவற்றிலும் எளிமையாகத் தெரிந்தது. காரணம், பொட்டாசியம் அயனியிலும் 18 எலக்ட்ரான்கள், குளோரைடிலும் 18. ஒற்றைப்படைப் புள்ளிகளுக்கு 18 − 18. எலக்ட்ரான் மேகங்கள் கொஞ்சம் வேறுபடுவதால் முழுப் பூச்சியம் ஆகாது, ஆனால் 24.5°-இல் வர வேண்டிய (111) சாதாரண அளவீட்டில் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். மிஞ்சுவது இரட்டைப்படைப் புள்ளிகள் மட்டும். அவற்றின் இடைவெளி 2a*, ஆகவே கூடு பாதி அளவு என்று கண்ணுக்குத் தோன்றுகிறது.

கோணங்களை மட்டும் வைத்து இந்தப் பொறியிலிருந்து தப்ப முடியாது. அடர்த்தியைக் கொண்டுவாருங்கள். 3.15 Å விளிம்புள்ள கூட்டின் கன அளவு சுமார் 31 Å³. பொட்டாசியம் குளோரைடின் அடர்த்தி 1.98 கிராம்/செ.மீ.³, அதாவது ஒரு Å³-க்கு 1.19 அணு நிறை அலகு. கூட்டுக்குள் இருக்க வேண்டிய நிறை சுமார் 37. ஆனால் ஒரு KCl-இன் நிறை 74.6. கூட்டுக்கு அரை KCl என்று வருகிறது; ஒரு பொட்டாசியமும் ஒரு குளோரினும் சேர்ந்து ஒரே கூட்டில் அடங்க இடமில்லை. விளிம்பை இரட்டிப்பாக்கி 6.29 Å என்று வைத்தால் கன அளவு எட்டு மடங்காகி, கூட்டுக்குச் சரியாக 4 KCl வரும். சோடியம் குளோரைடுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், அடர்த்தி 2.16, அங்கேயும் 4 வரும்.